மோட்டார் இழுக்காத ஆழம், தென்னை ஏற்றும் உயரம்

தாவரச் செயலியல் பாடத்துக்கு நான் வைத்திருந்த ஸ்லைடுகளில் "சாறேற்றம்" என்று தலைப்பிட்ட ஒன்று பல வருடங்களாக மாறாமலே இருந்தது. இடது பக்கம் ஒரு மரம். வேரில் கிளம்பி இலை வரைக்கும் போகும் நீல அம்புக்குறி. வலது பக்கம் மூன்று வரிகள்: வேர் அழுத்தம், நுண்புழை ஏற்றம், நீராவிப்போக்கின் இழுவிசை. மாணவர்கள் மூன்றையும் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவன்தான் அந்த ஸ்லைடை நிறுத்தினான். "மேம், எங்க தோட்டத்துக் கெணத்துல மோட்டாரை மேல வச்சா 25 அடிக்குக் கீழ இருந்து தண்ணி எடுக்காதுங்க. மோட்டாரைத்தான் உள்ள இறக்கணும். தென்னை மட்டும் எப்படிங்க 60 அடிக்கு எடுக்குது?"

இழுவிசை என்று சொல்லி நான் அம்புக்குறியைக் காட்டினேன். "மோட்டாரும் இழுக்கத்தானங்க செய்யுது?" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்காக ஸ்லைடுகளை அடியோடு மாற்றி எழுத வேண்டியிருந்தது. இப்போது பாடத்தில் முதலில் வருவது கிணறுதான். மரம் அதற்கப்புறம்.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீர்ப்பரப்பின்மேல் உட்கார்ந்திருக்கும் காற்று தன் எடையால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றால் எவ்வளவு உயரம் தள்ள முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 1643-இல் டோரிசெல்லி பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது 76 சென்டிமீட்டர் வந்தது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால், தண்ணீருக்கு அது ஏறத்தாழ 10.3 மீட்டர், அதாவது 34 அடி. குழாய்க்குள் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் அதற்குமேல் ஓர் அங்குலம்கூட ஏறாது. குழாயின் உராய்வும் இணைப்புகளில் கசியும் காற்றும் சேர்ந்து அந்த 34 அடியை நடைமுறையில் 25 அடியாக்கிவிடுகின்றன. ஆக, மாணவன் சொன்ன கணக்கு மிகச் சரி.

இந்த ஸ்லைடு முடிந்ததும் வகுப்பில் ஒரு சங்கடமான அமைதி வர வேண்டும் என்று நினைக்கிறேன். இலை "உறிஞ்சுகிறது" என்று நாம் சொல்வதற்கு ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல என்று பொருள் கொண்டால், 34 அடிக்குமேல் வளர்ந்த ஒவ்வொரு மரமும் காய்ந்திருக்க வேண்டும். அந்த இக்கட்டை மாணவர்கள் உணராவிட்டால் அடுத்து வருவதெல்லாம் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

சரி, கிணறு ஆழமானால் விவசாயி என்ன செய்கிறார்? சப்மெர்சிபிளை அடியில் இறக்கி, அங்கிருந்து மேலே தள்ளுகிறார். மரத்துக்கும் வேரில் ஒரு சப்மெர்சிபிள் இருக்குமோ என்று கேட்பது நியாயமானது. உண்மையிலேயே இருக்கிறது. அதுதான் வேர் அழுத்தம். வேரின் உயிருள்ள செல்கள் உப்பு அயனிகளை, நீர் மேலேறும் குழாய்த் திசுவான சைலத்துக்குள் ஏற்றுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீர் உள்ளே வந்து அழுத்தம் கூடுகிறது. விடியற்காலையில் புல் நுனியில் வரிசையாக நிற்கும் துளிகளில் பல பனித்துளிகள் அல்ல, இப்படி வேர் தள்ளி வெளியே வந்த நீர். 1727-இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் வெளியிட்ட சோதனைகளில், வெட்டிய திராட்சைக் கொடியின்மேல் பொருத்திய குழாயில் சாறு 20 அடிக்கும் மேலே ஏறியது.

வேர் அழுத்தம் பெரும்பாலும் 1 முதல் 2 வளிமண்டலம் வரை இருக்கும். ஒரு வளிமண்டலம் பத்து மீட்டர் தண்ணீரைத் தாங்கும். அப்படியென்றால் 2 வளிமண்டலம் ஒரு தென்னைக்குக் காகிதக் கணக்கில் போதும்! பாடத்தில் பலர் "வேர் அழுத்தம் மிகக் குறைவு" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவதால் இந்த இடம் குழப்பமாகிறது. அழுத்தம் போதாது என்பதைவிட, வேலை செய்யும் நேரம் பொருந்தவில்லை என்பதுதான் வலுவான மறுப்பு. வேர் அழுத்தம் தெரிவது இரவிலும் மழைநாளிலும், அதாவது இலை நீரை இழக்காத சமயத்தில். மரத்துக்குத் தண்ணீர் மிக அதிகமாக வேண்டிய நண்பகலில் அது காணாமல் போய்விடுகிறது. நண்பகலில் ஒரு தண்டை வெட்டி வெட்டுமுனையில் சொட்டு நீர் வைத்தால் அது உள்ளே போகும். வெளியே தள்ளும் அழுத்தம் இருந்தால் அப்படி நடக்காது.

இன்னொரு சான்று எனக்கு இதைவிடப் பிடித்தது. 1930-களில் ஜெர்மனியில் புரூனோ ஹூபர் மரத்தண்டின் ஓர் இடத்தைச் சிறிது நேரம் சூடாக்கி, அந்தச் சூடு மேலே வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து சாற்றின் வேகத்தைக் கண்டார். காலையில் முதலில் நகரத் தொடங்கியது உச்சிக்கிளைகளில் இருந்த நீர். அடிமரத்து நீர் பிற்பாடுதான் அசைந்தது. கீழிருந்து தள்ளினால் அடியில்தான் முதலில் ஓட்டம் தெரிய வேண்டும். இதைப் படித்த அன்றைக்கே என் ஸ்லைடின் நீல அம்புக்குறியை அழித்தேன். நீர் போகும் திசை மேல்நோக்கித்தான், ஆனால் சேதி போகும் திசை கீழ்நோக்கி. இப்போது அனிமேஷன் இலையில் தொடங்குகிறது. உச்சியில் ஒரு மூலக்கூறு வெளியேறுகிறது, அதற்கடுத்தது நகர்கிறது, அப்புறம் அதற்கடுத்தது, இப்படியே வேர் வரைக்கும்.

மெல்லிய குழாயில் நீர் தானாகவே ஏறும் நுண்புழை ஏற்றத்துக்கு ஒரே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மாணவர்கள் கால்குலேட்டரில் போடக்கூடியது:

```
h = 0.015 / r
```

r என்பது குழாயின் ஆரம், மில்லிமீட்டரில். h என்பது நீர் ஏறும் உயரம், மீட்டரில். சைலக்குழாயின் ஆரம் 0.02 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.75 மீட்டர் வருகிறது. இடுப்பளவு உயரம். தென்னைக்கு இது எந்த மூலைக்கு? ஆனால் இந்தச் சூத்திரத்தை அழிக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லிவைப்பேன். வேறோர் இடத்தில் அது திரும்ப வரும்.

உயிருள்ள செல்கள்தாம் தண்டு நெடுக ஏற்றிவிடுகின்றன என்ற எண்ணமும் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. நம் நாட்டுப் பாடநூல்களில் ஜகதீஷ் சந்திர போஸின் துடிப்புக் கோட்பாடு இதற்காகத்தான் இடம்பெறுகிறது. தண்டின் உட்புறணிச் செல்கள் இதயம் போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று 1920-களில் அவர் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே, 1890-களின் தொடக்கத்தில், ஸ்ட்ராஸ்பர்கர் இருபது மீட்டருக்கும் உயரமான மரங்களை அடியில் அறுத்துப் பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தியிருந்தார். அமிலம் வழியில் இருந்த உயிர்ச் செல்களைக் கொன்றுகொண்டே ஏறியது. செல்கள் செத்த பிறகு கொடுத்த சாயமும் உச்சி வரை போனது. போஸின் கருவிகளின் நுட்பத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த ஒரு முடிவில் மட்டும் மரம் அவர் பக்கம் இல்லை. சைலக்குழாய் தன் வேலையைத் தொடங்குவதே அதன் செல்கள் இறந்து, உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து, வெறும் சுவர் மட்டும் மிஞ்சிய பிறகுதான்.

தள்ளுவதும் இல்லை, காற்று ஏற்றுவதும் இல்லை என்றால் மிச்சம் என்ன?

இந்த இடத்தில் நான் மோட்டாருக்கு முந்தைய காலத்துக்குப் போவேன். கொங்குப் பக்கத்தில் தாத்தாக்கள் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டியது இந்த மாணவர்களில் பலருடைய வீட்டுக் கதை. மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடம் இழுபட்டு, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். கிணறு 40 அடி ஆழமானாலும் 60 அடி ஆழமானாலும் கவலை இறைத்தது. 34 அடி வரம்பு கவலைக்கு ஏன் இல்லை? ஏனென்றால் அங்கே வடம் நேரடியாக இழுபடுகிறது, காற்றுக்கு அதில் வேலையே கிடையாது. வடம் அறாத வரைக்கும் எந்த ஆழமும் சரிதான்.

மரத்தில் வடமும் தண்ணீர்தான், சுமையும் தண்ணீர்தான். இதுதான் பாடத்தின் மையம். இதை மட்டும் ஒரு தனி ஸ்லைடில், படம் எதுவும் இல்லாமல் வைத்திருக்கிறேன். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் அன்றாடம் தண்ணீரைக் கயிறு போல இழுத்துப் பார்த்ததில்லை, ஏனென்றால் திறந்த பாத்திரத்தில் அதைப் பிடிக்க முனை இல்லை, இழுத்தால் காற்று புகுந்துவிடும். ஆனால் மெல்லிய குழாயில், சுவரோடு முழுக்க ஒட்டிய நிலையில், குமிழி எதுவும் இல்லாமல் அடைத்துவைத்தால், தண்ணீரை இழுக்க முடியும். 1950-இல் லைமன் பிரிக்ஸ் என்பவர் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வேகமாகச் சுழற்றி, எந்த இழுவையில் நீர் நடுவில் அறுகிறது என்று பார்த்தார். சுமார் 270 வளிமண்டலம் வரை தாங்கியது. மரத்துக்கு வேண்டியது இதில் சிறு பங்குதான். டப்ளினில் டிக்சனும் ஜோலியும் இந்தக் கோட்பாட்டை 1894-இல் முன்வைத்தபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. நீரை இழுக்க முடியும் என்பதே கேட்கப் புதிதாக இருந்தது.

அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போவதை மாணவர்கள் ஏற்றுக்கொள்வது கடினம். காற்றை வைத்து யோசித்தால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. வெற்றிடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிப்பதில்லை, அதனால் அவற்றை இழுக்க முடியாது. பிடித்துக்கொண்டிருக்கும் பொருளைத்தான் இழுக்க முடியும். இழுபடும் கம்பிக்குள் இருப்பதும் எதிர்மறை அழுத்தம்தான் என்று சொன்னால் கொஞ்சம் பிடிபடுகிறது.

அதைவிட நன்றாகப் பிடிபட்டது தோட்டத்துக் குழாய். அதே மாணவனிடம், மோட்டாருக்கு உறிஞ்சும் பக்கம் என்ன ஹோஸ் மாட்டுவீர்கள், வெளியே விடும் பக்கம் என்ன மாட்டுவீர்கள் என்று கேட்டேன். உறிஞ்சும் பக்கம் சுருள்சுருளாகக் கெட்டி வளையம் ஓடும் சக்ஷன் ஹோஸ். வெளியே விடும் பக்கம், தண்ணீர் இல்லாதபோது தட்டையாகப் படுத்துவிடும் மெல்லிய ஹோஸ். மாற்றி மாட்டினால்? "உறிஞ்சுற பக்கம் ஒட்டிக்குங்க மேம்" என்றான். உடனே அடுத்த ஸ்லைடைப் போட்டேன். அதில் ஒரு தண்டின் நீள்வெட்டு. இளம் சைலக்குழாயில் வளையம் வளையமாக, சுருள் சுருளாக லிக்னின் தடிப்பு. பக்கத்தில் புளோயத்தின் சல்லடைக்குழாய், மெல்லிய சுவரோடு. எது உறிஞ்சும் குழாய், எது தள்ளும் குழாய் என்று கேட்டேன். வகுப்பு முழுக்கப் பதில் சொன்னது. புளோயத்தில் சர்க்கரைச் சாறு உள்ளிருந்து வெளியே அழுத்துகிறது, அதனால் மெல்லிய சுவர் போதும். சைலத்தில் சுவர் உட்பக்கம் இழுபடுகிறது, தடிப்பு இல்லாவிட்டால் ஒட்டிப்போகும். "சைலத் தடிப்பு வகைகள்: வளைய, சுருள், ஏணி, வலை" என்று மனப்பாடம் செய்யவைத்த காலத்தில் ஒருவரும் என்னிடம் ஏன் அந்தத் தடிப்பு என்று கேட்டதில்லை.

இப்போது வடத்தை இழுக்கும் மாடு எங்கே? இலைக்குள். இலைத்துளை திறந்ததும் உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியே போகிறது. இலையின் நடுத்திசுச் செல்களின் சுவர் ஈரமானது. அது செல்லுலோஸ் இழைகளால் ஆன வலை, இழைகளுக்கிடையே மிக நுண்ணிய இடுக்குகள், எல்லாம் நீரால் நிறைந்தவை. மேற்பரப்பு நீர் ஆவியாகும்போது, ஒவ்வோர் இடுக்கிலும் நீர்ப்பரப்பு உள்பக்கமாகக் குழிகிறது. குழிந்த பரப்பு நேராக முயல்கிறது, பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. அழிக்க வேண்டாம் என்று சொன்ன சூத்திரத்தை இங்கே போடலாம். இடுக்கின் ஆரம் 0.00001 மில்லிமீட்டர் என்று எடுத்தால் h எவ்வளவு? 1,500 மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டர்!

முதல்முறை கணக்குப் போடுகிறவர்கள் தவறு செய்துவிட்டோம் என்று திரும்பப் போடுவார்கள். தவறில்லை. நுண்புழை விசை பொய் இல்லை, நாம் அதைத் தவறான இடத்தில் தேடினோம். பருத்த சைலக்குழாயில் அது இடுப்பளவுக்கு மேல் உதவாது. இலைச்சுவரின் இடுக்கில் அது மலையளவு தாங்கும். ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது அந்த இடுக்கு தாங்கக்கூடிய உச்சவரம்பு, எப்போதும் அவ்வளவு இழுக்கிறது என்று பொருள் அல்ல. சுமை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பரப்பு குழியும். இரவில் இலைத்துளை மூடி ஆவியாதல் நின்ற பிறகும் நீர் ஏன் கீழே வழிந்துவிடவில்லை என்ற கேள்விக்கும் இதுவே பதில். மாடு நின்றுவிட்டது, ஆனால் வடத்தை விடவில்லை. அந்தக் குழிந்த பரப்புகள் நீர்த்தூணைத் தொங்கவிட்டபடியே பிடித்திருக்கின்றன.

மாட்டுக்குத் தீனி வெயிலும் காய்ந்த காற்றும். 30 டிகிரி வெப்பத்தில், 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று நீரை ஈர்க்கும் வலிமையை அழுத்தமாக மாற்றினால் சுமார் 950 வளிமண்டலம் வருகிறது. 99 விழுக்காடு ஈரமான காற்றிலேயே 14 வளிமண்டலம் இருக்கிறது. இதற்கு முன்னால் தென்னையின் தேவை மிகச் சிறியது. அதைத்தான் அடுத்து மாணவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்ப்பேன்.

20 மீட்டர் உயரத் தென்னை, நன்றாக நீர் பாய்ச்சிய தோட்டம், நண்பகல். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வோம். நீர்த்தூணின் எடையைத் தொங்கவிட, பத்து மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 2 வளிமண்டலம். ஓடும் நீருக்குத் தண்டில் உராய்வு உண்டு. நன்றாக நீராவிப்போக்கு நடக்கும் மரங்களில் அது எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும் என்பது வழக்கமான தோராயம், ஆக இன்னொரு 2. மண்ணிலிருந்து வேருக்குள் நுழைவதுதான் வழியில் இறுக்கமான பகுதிகளில் ஒன்று, ஏனென்றால் அங்கே நீர் உயிருள்ள செல்களின் சவ்வைக் கடந்தாக வேண்டும். அதற்கு 2 அல்லது 3. ஓலைக்குள் கடைசித் தூரத்துக்கும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 7 முதல் 10 வளிமண்டல இழுவை. கரும்பலகையில் எழுதிய அந்த 10-க்குப் பக்கத்தில் பிரிக்ஸ் கண்ட 270-ஐயும் காற்றின் 950-ஐயும் எழுதுவேன். வடம் தாங்கும், மாட்டுக்கும் பலம் மிச்சம்.

அப்படியானால் மரத்துக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. இழுபட்ட நீர் ஒரு சமநிலையற்ற நிலையில் இருக்கிறது. ஒரே ஒரு குமிழி புகுந்துவிட்டால் அது சட்டென்று விரிந்து குழாயை அடைத்துவிடும். அந்தக் குழாயில் வடம் அறுந்தது. வறட்சியில் மரம் படும் பாடு முக்கியமாக இதுதான்.

இது நடக்கும்போது சத்தம் வருகிறது. 1966-இல் மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கு இலைக்காம்பில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தி, இலையை வாடவிட்டு, ஒலியைப் பெருக்கிக் கேட்டார்கள். டிக், டிக் என்று ஒவ்வொரு நீர்த்தூணும் அறும் ஒலி கேட்டது. நம் வேலியோரத்து ஆமணக்கு! இலைக்கு நீர் கொடுத்ததும் சத்தம் நின்றது. வாடும் செடி இப்படி ஒலிக்கிறது என்று முதலில் படித்தபோது அன்று முழுவதும் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

குமிழி ஏன் மரம் முழுக்கப் பரவுவதில்லை என்பதைச் சொல்ல, சைலத்தை ஒரே நீளக் குழாயாக வரைந்த படத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அது அடியிலிருந்து நுனி வரை ஓடும் ஒற்றைக் குழாய் அல்ல. பல குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுவரிலுள்ள குழிகள் வழியாக நீர் மாறிப் போகிறது. குழியின் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால், ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் நீருமாக இருக்கும்போது துளையில் நீர்ப்பரப்பு குழிந்து காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. இலைச்சுவரில் நீரைத் தூக்கும் அதே குழிந்த பரப்புதான் இங்கே காவல் காக்கிறது. இழுவை ஓர் அளவைத் தாண்டினால் அந்தக் காவலும் உடைந்து காற்று அடுத்த குழாய்க்குள் இழுபடும். வறட்சி முற்றும்போது அடைப்பு பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். தென்னைக்கு இதில் கூடுதல் நெருக்கடி உண்டு. தேக்கும் வேம்பும் கேம்பியத்தால் வருடந்தோறும் புதுச் சைலம் சேர்த்துக்கொள்ளும். தென்னைக்குக் கேம்பியம் இல்லை. அடிமரத்தில் முதலில் உருவான குழாய்களே அதன் ஆயுள் முழுக்க, அறுபது எழுபது வருடம், நீர் ஏற்றியாக வேண்டும்.

குமிழியின் வேலையை நான் நேரில் பார்த்தது ஒரு தவறினால். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் வைத்துச் சைலத்தில் நிறம் ஏறுவதைக் காட்டுவது எல்லோரும் செய்யும் சோதனை. அதன் தண்டு கண்ணாடி போல இருப்பதால் கோடுகள் வெளியிலேயே தெரியும். ஒருநாள் வீட்டுத் தொட்டியிலிருந்து நல்ல வெயிலில் வெட்டி, பையில் போட்டு எடுத்துவந்தேன். வகுப்பில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயக் கரைசலில் வைத்தேன். அரைமணி நேரம் ஆகியும் நிறம் அடியில் ஒரு விரற்கடைக்குமேல் ஏறவில்லை, இலைகள் வாடத் தொடங்கின. காரணம் யோசித்தபோதுதான் உறைத்தது. வெயிலில் இழுபட்டிருந்த நீர்த்தூணை நான் காற்றில் வெட்டியதும் அது அறுந்த ரப்பர் போல உள்ளே ஓடியிருக்கிறது, பின்னாலேயே காற்று புகுந்திருக்கிறது. தண்டை ஒரு வாளி நீருக்குள் மூழ்கவைத்து, வெட்டுமுனைக்கு நாலு விரற்கடை மேலே, நீருக்குள்ளேயே மறுபடி வெட்டினேன். அதே தண்டைத் துடைக்காமல் கரைசலுக்கு மாற்றினேன். பத்து நிமிடத்தில் சிவப்புக் கோடுகள் இலைக்காம்பைத் தொட்டுவிட்டன. இப்போது வேண்டுமென்றே இரண்டு தண்டு கொண்டுவருகிறேன். ஒன்று காற்றில் வெட்டியது, ஒன்று நீருக்குள் வெட்டியது.

"இழுவையை யாராவது அளந்திருக்கிறார்களா?" என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். 1965-இல் ஷோலாண்டரும் கூட்டாளிகளும் அளந்தார்கள். முறை எளிமையானது. ஒரு கிளையை வெட்டியதும் நீர் உள்ளே ஓடிவிடுகிறது அல்லவா? இலைகள் உள்ளேயும் வெட்டுமுனை வெளியேயும் இருக்கும்படி, இறுக மூடிய கலத்தில் கிளையைப் பொருத்தி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓடிப்போன நீர் திரும்பி வந்து வெட்டுமுனையில் மினுங்கும் கணத்தில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு இழுவை வெட்டுவதற்கு முன் இருந்தது. உயரமான டக்ளஸ் ஃபிர் மரத்தின் உச்சிக்கிளைகளை அவர்கள் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். உயரம் கூடக் கூட இழுவையும் கூடியது, தொங்கும் நீர்த்தூணுக்கு எதிர்பார்த்த அதே கணக்கில்.

உலகின் மிக உயரமான மரம் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் எனப்படும் செம்மரம் ஒன்று, ஹைப்பீரியன் என்று பெயர், சுமார் 116 மீட்டர். அந்த இனத்தின் உச்சிக்கிளைகளில் நண்பகல் இழுவை 18 வளிமண்டலம் அளவில் இருக்கிறது. அங்கே இலைகள் குறுகித் தடித்துப்போகின்றன, ஏனென்றால் அவ்வளவு இழுவையில் செல் விரிந்து வளர்வதே பெரும்பாடு. இதையெல்லாம் வைத்து 2004-இல் ஜார்ஜ் காக்கும் குழுவினரும் மரத்தின் உயர வரம்பை 122 முதல் 130 மீட்டர் என்று கணித்தார்கள்.

இத்தோடு பாடத்தை முடித்தால், உயரம்தான் தண்ணீருக்கு ஒரே எதிரி என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் கடைசி ஸ்லைடில் பிச்சாவரம். படகிலிருந்து கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும் அலையாத்தி. இதன் இலையில் இழுவை செம்மரத்தைவிடக் கூடுமா, குறையுமா என்று கேட்பேன். எல்லோரும் குறையும் என்பார்கள். கடல்நீரின் உப்பு நீரைப் பிடித்துவைத்திருக்கும் வலிமை சுமார் 25 வளிமண்டலம். உப்பை வெளியே நிறுத்திவிட்டு நீரை மட்டும் வேருக்குள் எடுக்க, முழுக் கடல்நீரில் நிற்கும் அலையாத்தி அதைவிடக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். ஷோலாண்டர் குழு அளந்த அலையாத்திகளில் 30 வளிமண்டலத்துக்கும் மேல் இருந்தது. ஆள் உயரச் செடியில், 116 மீட்டர் மரத்தைவிடக் கூடுதல் இழுவை.

போன வருடம் மாணவர்களை அங்கே கூட்டிப்போனபோது, கிணற்றுக் கேள்வியைக் கேட்ட அதே பையன் படகின் ஓரத்தில் கையை நீட்டி, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். அப்புறம் மேலே இருந்த இலையைப் பார்த்தான். "இதுக்கு 300 மீட்டர் கெணறுங்க மேம்" என்றான். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அவனே கணக்குப் போட்டிருந்தான்.